சிம் வந்தாச்சு, சிக்னல் எங்கே?

கடைக்காரர் ஆதார் எண்ணை வாங்கிக்கொள்கிறார். விரலை வைக்கச் சொல்கிறார், வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கிறார். “ரெண்டு மணி நேரத்துல ஆக்டிவேட் ஆயிடும்” என்று சொல்லி சிம் கார்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வந்து சாம்சங் போனில் அதைப் போட்டு முதல் அழைப்பு விடுத்தால், திரையில் ஒரு வரி வந்து நிற்கிறது: Not registered on network. வேறு போன்களில் இதே சங்கதி No service என்றோ Emergency calls only என்றோ வரும்.

பலரும் அந்த நிமிடமே கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் சிம்மை எடுத்துத் துடைத்துப் போடுகிறார்கள். இன்னும் சிலர் போனில் இருப்பதையெல்லாம் அழித்து, ஃபேக்டரி ரீசெட் வரை போய்விடுகிறார்கள். சிம் கோளாறு என்று நினைக்கப்படும் பல சமயங்களில் சிம்மில் கோளாறே இருப்பதில்லை. நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தச் சந்தாதாரர் இன்னும் ஏறாமல் இருக்கலாம். அல்லது பதிவேட்டில் ஏறிவிட்ட பிறகும், போன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாம். முதலாவதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டாவதற்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. திரையில் வருவதோ இரண்டுக்கும் ஒரே வரி.

டவர் கேட்கும் கேள்வி

சிம் கார்டுக்குள் தொலைபேசி எண் இருப்பதாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறோம். நெட்வொர்க் ஒருவரை அடையாளம் காண்பது அந்தப் பத்து இலக்க எண்ணை வைத்து அல்ல. சிம்முக்குள் ஐஎம்எஸ்ஐ என்ற வேறோர் எண் இருக்கிறது. வழக்கமாகப் பதினைந்து இலக்கம். இந்திய சிம்களில் 404 அல்லது 405 என்று தொடங்கும். அதோடு ஒரு ரகசியச் சாவியும் இருக்கிறது. அந்தச் சாவி சிம்மை விட்டு வெளியே வராது. அதன் நகல் நிறுவனத்தின் மைய சர்வரில் மட்டும் இருக்கும். 2ஜி, 3ஜி காலத்திலிருந்து அந்த சர்வருக்கு ஹெச்எல்ஆர் என்று பெயர். 4ஜியில் ஹெச்எஸ்எஸ் என்பார்கள். சந்தாதாரர் பதிவேடு என்று சொன்னால் போதும்.

போனை ஆன் செய்ததும் அது அருகிலுள்ள டவரைப் பிடித்து, “இந்த ஐஎம்எஸ்ஐ வந்திருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று விண்ணப்பிக்கிறது. டவருக்குப் பின்னாலிருக்கும் கருவி பதிவேட்டைக் கேட்கிறது. பதிவேடு ஒரு தற்செயலான எண்ணையும், அதற்குரிய சரியான விடையையும் தருகிறது. அந்த எண் மட்டும் சிம்முக்குப் போகும். சிம் தன் சாவியை வைத்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். இரண்டு விடையும் ஒத்துப்போனால் போன் நெட்வொர்க்கில் பதிவாகிவிடும், சிக்னல் கோடுகள் எழும்பும். எல்லாம் முடிய ஓரிரு வினாடிதான்.

புதுச் சிம்மில் தடங்கல் வருவது பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே. டவர் கேட்கும்போது, “அப்படி ஒரு சந்தாதாரர் இல்லையே” என்கிறது பதிவேடு. வாக்குச்சாவடிக்குள் பூத் ஸ்லிப்போடு போய் நின்றால் பட்டியலில் பெயர் இல்லை என்பார்களே, அதே நிலைமைதான். ஸ்லிப் உண்மையானது, ஆளும் உண்மையான ஆள். பட்டியல்தான் இன்னும் வரவில்லை.

பட்டியலில் ஏறுவதற்கு முன்

பதிவேட்டில் பெயர் ஏற ஏன் மணிக்கணக்கில் ஆக வேண்டும்? சிம் வாங்கிய கையோடு பேச முடிந்த காலம் ஒன்று இருந்தது. பெட்டிக்கடையில் ஏற்கெனவே ஆக்டிவேட் செய்து வைத்த சிம்கள் கிடைத்தன. அடையாளச் சான்றின் ஜெராக்ஸ் பின்னால் போய்ச் சேரும், அல்லது சேராது. ஒருவர் கொடுத்த ஜெராக்ஸில் அவருக்கே தெரியாமல் நாலைந்து சிம்கள் விற்பனையானதும் உண்டு.

இதைக் குறித்து அவிஷேக் கோயங்கா என்பவர் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை புதிய விதிமுறைகளை வெளியிட்டது. ஆவணங்களைச் சரிபார்த்த பிறகுதான் இணைப்பை உயிர்ப்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று புதுச் சிம்மோடு காத்திருப்பவர்கள் அந்த விதியின் நிழலில்தான் காத்திருக்கிறார்கள்.

வழிமுறை அதன் பிறகு பலமுறை மாறியது. 2016-இல் ஆதார் கைரேகை வழியாக சிம் கொடுக்க அனுமதி வந்ததும் நிமிடங்களில் வேலை முடிந்தது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரை அப்படிப் பயன்படுத்த இடமளித்த சட்டப் பகுதியைச் செல்லாததாக்கியது. அந்த வழியும் அடைபட்டது. சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2021 செப்டம்பர் சீர்திருத்தங்களில் அது வாடிக்கையாளரின் விருப்பத்தின் பேரில் திரும்ப வந்தது. 2024 ஜனவரி 1 முதல் காகித விண்ணப்பம் அடியோடு நின்றுபோய், எல்லாம் டிஜிட்டல் ஆனது.

ஆகவே இப்போது கடையில் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஆதார் கைரேகை வைத்தால், பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் ஆதார் ஆணையத்தின் சர்வரிலிருந்தே நேராக வந்துவிடும். தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை. கைரேகை இல்லாமல் அட்டையைக் காட்டி வாங்கினால், கடைக்காரர் தன் செயலியில் அசல் ஆவணத்தையும் வாடிக்கையாளரின் முகத்தையும் நேரடியாகப் படம் பிடிக்க வேண்டும். எடுத்த இடம், நேரம், விண்ணப்ப எண் ஆகியவை அந்தப் படத்திலேயே பதியும். பிறகு நிறுவனத்தின் பின்னலுவலகத்தில் அந்தப் படங்களும் எழுத்துகளும் ஒப்பிடப்படும். தாமதம் அதிகம் பிறப்பது இந்த இரண்டாவது வழியில்தான். அட்டையில் பிளாஷ் வெளிச்சம் அடித்து எண் மறைந்திருந்தால், அட்டையில் ‘மு. செல்வம்’ என்றிருப்பதைக் கடைக்காரர் ‘செல்வம் முத்து’ என்று அடித்திருந்தால், முகம் பாதி நிழலில் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். சனிக்கிழமை மாலை கொடுத்தது ஞாயிறு முழுக்க நிற்பதும் உண்டு.

இன்னொரு தடையும் இருக்கிறது. ஒருவர் பெயரில் நாடு முழுவதும், எல்லா நிறுவனங்களும் சேர்த்து, அதிகபட்சம் ஒன்பது இணைப்புகள்தான் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. அப்பா பெயரிலேயே வீட்டில் எல்லோருக்கும் சிம் வாங்கி, பழையவற்றை மூடாமல் விட்ட குடும்பங்களில் இந்த வரம்பைத் தொட்டிருப்பது சம்பந்தப்பட்டவருக்கே தெரிவதில்லை.

சிக்னல் வந்தும் பேச முடியாவிட்டால்

விண்ணப்பம் தேறியதும் பதிவேட்டில் ஐஎம்எஸ்ஐயும் தொலைபேசி எண்ணும் இணைக்கப்படும். அதோடு எல்லாம் திறந்துவிடும் என்று சொல்ல முடியாது. பல இணைப்புகளில் இன்னும் ஒரு படி பாக்கி இருக்கும்: தொலைபேசி வழிச் சரிபார்ப்பு. கடைக்காரர்கள் டெலி வெரிஃபிகேஷன் என்பது இதைத்தான்.

சிக்னல் வந்த பிறகு புதுச் சிம்மிலிருந்தே ஒரு குறுகிய எண்ணை அழைக்க வேண்டும். ஏர்டெல், வி இரண்டிலும் 59059, ஜியோவில் 1977, பிஎஸ்என்எல்லில் 1507. பதிவு செய்த குரல் மொழியைக் கேட்கும். பிறகு அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பிறந்த ஆண்டு போன்ற ஒரு விவரத்தை அழுத்தச் சொல்லும். சில சமயம் கடையில் கொடுத்த மாற்று எண்ணுக்கு வந்த ஓடிபியைக் கேட்கும். விண்ணப்பத்தில் இருப்பதோடு அது பொருந்தினால், வெளியே போகும் அழைப்புகளும் இணையமும் திறக்கப்படும். ஆதார் கைரேகையில் வாங்கியவர்களுக்கு இந்த அழைப்பு தேவைப்படாமலும் போகலாம். நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தி அதைச் சொல்லும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சரிபார்ப்பு அழைப்பு புதுச் சிம்மிலிருந்தே போக வேண்டும் என்றால், அதற்குள் அந்த சிம் நெட்வொர்க்கில் பதிவாகியிருக்க வேண்டும். அதாவது, சிக்னல் கோடுகள் தெரிந்து, யாரை அழைத்தாலும் ஒரு பதிவுக்குரல் குறுக்கிட்டால், பாக்கி இருப்பது சரிபார்ப்பு. அல்லது முதல் ரீசார்ஜ் ஏறவில்லை. சிக்னல் கோடே இல்லாமல் Not registered on network என்று வந்தால் 59059-ஐ அழுத்திப் பயனில்லை, அந்த அழைப்பும் போகாது. தடங்கல் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது.

கேட்பதை நிறுத்திவிட்ட போன்

பலரையும் குழப்பும் இடத்துக்கு இப்போது வரலாம். நிறுவனத்திலிருந்து ‘உங்கள் சிம் ஆக்டிவேட் ஆகிவிட்டது’ என்று மாற்று எண்ணுக்குச் செய்தி வந்துவிட்டது. புதுச் சிம் மட்டும் அப்படியே கிடக்கிறது. மணிக்கணக்கில் பார்த்தாலும் மாற்றமில்லை. ஏன்?

கடையிலிருந்து வந்த ஆர்வத்தில், பதிவேட்டில் பெயர் ஏறும் முன்பே சிம்மைப் போனில் போட்டுவிட்டதுதான் காரணம். அப்போது போன் டவரிடம் விண்ணப்பித்தது. பதிவேடு இல்லை என்றது. டவர் மறுப்பைக் காரண எண்ணோடு திருப்பி அனுப்பியது. உலகெங்கும் மொபைல் நெட்வொர்க்குகளுக்கு ஒரே தொழில்நுட்ப விதிகள்தான். அவற்றில் காரணம் 2 என்றால், இந்த ஐஎம்எஸ்ஐ பதிவேட்டில் இல்லை என்று பொருள். சில ஆண்ட்ராய்டு போன்களில் இது திரையிலேயே தெரியும்: SIM not provisioned MM#2. அந்தக் கடைசி 2 தான் காரண எண்.

இந்த மறுப்பு வந்தால் போன் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. சிம் செல்லாது என்று குறித்துக்கொண்டு, போன் அணைக்கப்படும் வரை, அல்லது சிம் வெளியே எடுக்கப்படும் வரை, மறுபடி விண்ணப்பிக்கக் கூடாது. இதில் நியாயம் இருக்கிறது. செல்லாத சிம்கள் எல்லாம் நொடிக்கு ஒரு தடவை டவரைத் தட்டிக்கொண்டிருந்தால், மற்றவர்களின் அழைப்புக்கு வழி இருக்காது. அதனால் இரவு பத்து மணிக்குப் பதிவேட்டில் பெயர் ஏறினாலும், ஏழரைக்கே மறுப்பு வாங்கிய போனுக்கு அந்தச் செய்தி தெரிய வழியில்லை. அது கேட்பதையே விட்டுவிட்டது.

‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற கடைக்காரரின் நிரந்தர வைத்தியம் பலிப்பது இதனால்தான். அணைத்ததும் அந்தக் குறிப்பு அழிகிறது. ஆன் செய்ததும் போன் புதிதாக விண்ணப்பிக்கிறது, இந்த முறை பதிவேடு ஆம் என்கிறது. ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தாலும் பல போன்களில் இதே பலன் கிடைக்கும். எல்லாப் போன்களிலும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. முழுதாக அணைத்து ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்வதே உறுதியானது. ஆக்டிவேட் ஆன செய்தி வரும் முன் பத்துத் தடவை அணைத்தாலும் பத்துத் தடவையும் மறுப்புதான் வரும். செய்தி வந்த பின் ஒரே தடவை போதும்.

அதற்கும் அசையாவிட்டால் இன்னொரு சாத்தியம் உண்டு. மறுப்பு காரணம் 11-ஆக வந்திருந்தால், ‘இந்த நெட்வொர்க்கில் எனக்கு அனுமதி இல்லை’ என்று போன் சிம் கார்டிலேயே எழுதி வைத்துவிடும். விலக்கப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென்று சிம்மில் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. போனை அணைத்தாலும் அது அழியாது. தானியங்கித் தேர்வில் போன் அந்த நெட்வொர்க்கைத் தாண்டிப் போய்விடும். அமைப்புகளில் நெட்வொர்க் ஆபரேட்டர்ஸ் என்ற இடத்துக்குப் போய், தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு, பட்டியலில் வரும் நம் நிறுவனத்தின் பெயரைக் கையால் தொட்டால் போன் மறுபடி முயலும். பதிவாகிவிட்டால் சிம்மில் எழுதிய விலக்கும் நீங்கும். பிறகு தானியங்கித் தேர்வுக்கே திரும்பிவிடலாம்.

ஒரு சனிக்கிழமை சிம்

திருநெல்வேலியிலிருந்து கோவைக் கல்லூரிக்கு வந்திருக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு சிம் போடும் போன். முதல் இடத்தில் ஊரில் அப்பா பெயரில் வாங்கிய பழைய சிம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விடுதி அருகிலுள்ள கடையில் தன் ஆதார் அட்டையைக் காட்டி, கைரேகை வைக்காமல், புதுச் சிம் வாங்குகிறார். மாற்று எண்ணாகப் பழைய சிம்மின் எண்ணைக் கொடுக்கிறார். ஏழரைக்கு அறைக்கு வந்து புதுச் சிம்மை இரண்டாவது இடத்தில் போடுகிறார். பழைய சிம்முக்கு நாலு கோடு, புதுசுக்கு ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில் இது கோளாறே அல்ல. விண்ணப்பம் பின்னலுவலகத்தில் இருக்கிறது, பதிவேட்டில் ஐஎம்எஸ்ஐ ஏறவில்லை. இரவு பத்தேகாலுக்குப் பழைய எண்ணுக்கு ஆக்டிவேட் ஆன செய்தி வருகிறது. காலை எட்டு மணிக்கும் சிக்னல் இல்லை. கடைக்குப் போகிறார்.

“அண்ணா, மெசேஜ் வந்துடுச்சு, சிக்னல்தான் வரவே மாட்டேங்குது.”

“சிம்ல ஒண்ணும் இருக்காதுங்க தம்பி. இருங்க, அந்த நம்பருக்கு ஒருக்கா கூப்பிட்டுப் பார்த்துடலாம்” என்று தன் போனிலிருந்து புது எண்ணை அழைக்கிறார் கடைக்காரர்.

சாதாரணமாகத் தோன்றினாலும், செலவே இல்லாத நல்ல பரிசோதனை இது. ‘நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை, சரிபார்க்கவும்’ என்ற பொருளில் குரல் வந்தால், பதிவேட்டில் அந்த எண் இன்னும் ஏறவில்லை என்று கொள்ளலாம், காத்திருக்க வேண்டியதுதான். ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்றோ ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றோ வந்தால், எண் பதிவேட்டில் இருக்கிறது, போன்தான் இன்னும் அங்கே போய்ப் பதியவில்லை. மணி அடித்து வேறு யாரோ எடுத்தால் கதையே வேறு: கடையில் இரண்டு பேருக்கு சிம் கொடுக்கும்போது அட்டைகள் மாறியிருக்கின்றன. அட்டையின் மேல் அச்சிட்டிருக்கும், 8991 என்று தொடங்கும் நீண்ட எண்ணை விண்ணப்பத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால் அது வெளிப்படும்.

மாணவரின் எண்ணுக்கு ‘அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்று வருகிறது. போனை அணைத்து ஆன் செய்கிறார். அரை நிமிடத்தில் இரண்டாவது சிம்முக்கும் கோடுகள் எழும்புகின்றன. நண்பரை அழைத்தால் பதிவுக்குரல் குறுக்கிட்டுச் சரிபார்ப்பை முடிக்கச் சொல்கிறது. 59059-ஐ அழைக்கும்போது போன் எந்த சிம்மிலிருந்து என்று கேட்கிறது. இரண்டாவதைத் தொட வேண்டும். பழைய சிம்மிலிருந்து அழைத்துவிட்டு, ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று நிற்பவர்கள் நிறையப் பேர். கேட்ட இலக்கங்களை அழுத்துகிறார். சற்று நேரத்தில் ரீசார்ஜ் ஏறிய செய்தி வருகிறது, அழைப்பும் போகிறது.

சனி மாலையிலிருந்து ஞாயிறு காலை வரை கணக்குப் பார்த்தால், ஏறக்குறைய முதல் நாலு மணி நேரம்தான் நிறுவனத்தின் தாமதம். இரவு முழுக்கக் கழிந்தது போனின் மௌனத்தில்.

குற்றவாளி போனாக இருந்தால்

செய்தி வந்து, அணைத்து ஆன் செய்து, கையால் தேர்ந்தெடுத்தும் பதியாவிட்டால் சிம்மை இன்னொருவர் போனில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வேலை செய்தால், சந்தேகம் சொந்தப் போன் மேல் திரும்புகிறது.

முதலில் பார்க்க வேண்டியது தலைமுறை. ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 2016-இல் 4ஜியோடுதான் அது தொடங்கியது. பழைய பட்டன் போனில் ஜியோ சிம்மைப் போட்டால் எத்தனை நாள் வைத்திருந்தாலும் பதியாது. ஏர்டெல் 3ஜியை மூடிவிட்டு 2ஜியையும் 4ஜியையும் வைத்திருக்கிறது. அதனால் பட்டன் போனில் பேச முடியும். சில இரண்டு சிம் போன்களில் ஓர் இடம் 4ஜி, மற்றது 2ஜி மட்டும் என்று இருக்கும். சிம்களை இடம் மாற்றிப் போட்டாலே அங்கே விடை கிடைத்துவிடும்.

அடுத்தது போனின் சொந்த அடையாளமான ஐஎம்இஐ. அழைக்கும் பலகையில் *#06# என்று அழுத்தினால் பதினைந்து இலக்க எண் வர வேண்டும். காலியாகவோ, null என்றோ, வெறும் பூஜ்யங்களாகவோ வந்தால், போனின் மென்பொருள் சிதைந்திருக்கிறது அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். இதுவும் சாம்சங் போன்களில் Not registered on network வரியைக் கொண்டுவரும் பழைய காரணங்களில் ஒன்று. செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன் என்றால், அது திருட்டுப் போனாகப் புகார் செய்யப்பட்டு, மத்தியப் பதிவேடான சிஇஐஆரில் முடக்கப்பட்டிருக்கவும் கூடும். அப்போது எந்த நிறுவனத்தின் சிம்மும் அதில் ஏறாது. சில போன்களில் Phone not allowed MM#6 என்று தெரியும். ‘ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன்’ என்று சர்வீஸ் கடையில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

எண்ணை மாற்றாமல் வந்தவர்கள்

பழைய எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறுபவர்களும் புதுச் சிம்மைப் போட்டு இதே வரியைப் பார்க்கிறார்கள். அவர்களுடைய காத்திருப்பு வேறு வகை. ஒரே வட்டத்துக்குள் மாறினால் மூன்று வேலை நாள், வட்டம் தாண்டினால் ஐந்து வேலை நாள் என்று டிராய் வகுத்திருக்கிறது. அதுவரை பழைய சிம்தான் வேலை செய்யும், புதுசு பதியாது. பழைய சிம்மில் சிக்னல் அறுந்த பிறகு புதியதைப் போட்டு ஆன் செய்தால் போதும். தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கியவர்களுக்கோ சிக்னல் வந்தபின்னும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. சிம்மை மோசடியாக மாற்றி வங்கி ஓடிபியைத் திருடுவதைத் தடுக்க வேண்டுமென்றே வைத்த பூட்டு அது.

நிறுத்தி வைக்கப்பட்டால்

ஒரு நாள் கடந்தும் ஆக்டிவேட் ஆன செய்தியே வரவில்லை என்றால், போனில் எதையும் தொட்டுப் பயனில்லை. விண்ணப்பம் எங்கோ நிற்கிறது. அதே நிறுவனத்தின் இன்னொரு எண்ணிலிருந்து 198-ஐ அழைத்துப் புகார் பதியலாம். அது கட்டணமில்லாத எண். கேட்க வேண்டிய கேள்வி ‘ஏன் சிக்னல் வரவில்லை’ என்பதல்ல. அப்படிக் கேட்டால் போனை அணைத்து ஆன் செய்யச் சொல்வார்கள். ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா, நிலுவையில் இருக்கிறதா, நிராகரிப்பு என்றால் காரணம் என்ன’ என்று கேட்க வேண்டும். விண்ணப்ப எண்ணும், சிம்மின் மேலிருக்கும் 8991 எண்ணும் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். பதிவாகும் புகாருக்கு ஓர் எண் கொடுப்பார்கள். திருப்தியான பதில் வராவிட்டால், அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒன்றை வைத்திருக்க வேண்டும்.

போட்டோ சரியில்லை, பெயர் பொருந்தவில்லை என்ற காரணங்களுக்கு அதே கடையில் மறுபடி படம் எடுத்து அனுப்பினால் தீர்ந்துவிடும். ஆதார் கைரேகை வழிக்கு மாறினால் இன்னும் சுருக்கம். ஒன்பது இணைப்பு வரம்புதான் காரணம் என்றால், பழைய எண்களில் சிலவற்றை மூடாமல் புதியது கிடைக்காது.

காத்திருக்கும் இந்த நேரத்தைக் குறிவைத்தும் ஒரு கூட்டம் அலைகிறது. ‘உங்கள் கேஒய்சி பாக்கி இருக்கிறது, சிம் முடங்கப்போகிறது’ என்று தனிப்பட்ட மொபைல் எண்ணிலிருந்து அழைத்து, ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள் அல்லது ஓடிபி கேட்பார்கள். சரிபார்ப்பின்போது வாடிக்கையாளர்தான் குறுகிய எண்ணை அழைத்து இலக்கங்களை அழுத்துகிறார். யாரோ ஒருவர் அழைத்து ஓடிபியை வாயால் சொல்லச் சொன்னால், அது சரிபார்ப்பு அல்ல.

கடையிலேயே நடக்கும் வேறொரு வித்தையும் உண்டு. ‘ரேகை விழல, இன்னொரு தடவை வைங்க’ என்று சொல்லி, இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம்மை அதே பெயரில் எடுத்துவிடுவது. சிம் விற்கும் முகவர்கள் எல்லோரும் நிறுவனத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் கட்டாயமாக்கியதற்கு இத்தகைய மோசடிகளும் ஒரு காரணம். கைரேகை உண்மையிலேயே விழாமலும் போகும். வயதானவர்களுக்கும் கைவேலை செய்பவர்களுக்கும் அது சகஜம். அந்த இடத்தில் நின்று எது உண்மை என்று கண்டுபிடிப்பது கடினம். சில நாள் கழித்து, 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்தில் தன் எண்ணைக் கொடுத்து ஓடிபியோடு நுழைந்தால், அந்தப் பெயரில் இருக்கும் எண்கள் வரிசையாக வரும். தெரியாத எண் இருந்தால் அதன் எதிரே ‘இது என் எண் அல்ல’ என்று குறித்துப் புகார் செய்யலாம். தன்னுடையதுதான் ஆனால் தேவையில்லை என்று குறிக்கவும் அங்கே இடமிருக்கிறது. ஒன்பது வரம்பில் சிக்கியவர்கள் பழைய எண்களைக் கழிப்பதற்கும் அதுவே வழி.